முதல் குறும்படத்துக்கு டைட்டில் கார்டு போடுவது எப்படி: பெயர்ப் பட்டியல் முதல் கடைசி © வரி வரை

என் முதல் குறும்படத்தைப் போட்டுக் காட்டி விளக்கை எரியவிட்டதும், லொகேஷனில் ஒலிப்பதிவு செய்த நண்பர் என்னிடம் வந்து கேட்ட ஒரே கேள்வி, “நான் இந்தப் படத்துல வேலை பார்த்தேனா இல்லையா?” அவர் பெயர் எங்குமே இல்லை. இரண்டு இரவு மட்டும் வந்து போனவர், நான் பட்டியலை நினைவிலிருந்து டைப் செய்தேன், விட்டுப்போயிற்று. அந்த டைட்டிலுக்கு எழுத்துரு தேடுவதில் மட்டும் நான் நான்கு நாள் செலவழித்திருந்தேன் என்பதுதான் இதில் கேவலம்.

அதனால் இந்த வழிகாட்டி எழுத்துருவில் தொடங்காது. முதலில் பெயர்கள், அப்புறம் வரிசை, அதற்கும் பிறகுதான் வடிவமைப்பு. முதல் படம் எடுக்கிற பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டைட்டிலை அழகாக முடித்துவிட்டு, சமர்ப்பிக்க வேண்டிய கடைசி இரவில் பெயர்களை அவசரமாக உள்ளே திணிக்கிறார்கள். பிழைகள் எல்லாம் அந்த இரவில்தான் நுழைகின்றன.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 24 ஃபிரேம், 1920க்கு 1080 பிக்சல், பதினோரு நிமிடச் சொச்சம். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிக்கிறது, அதை மகளிடம் மறைக்கப் பார்க்கிறார். அவ்வளவுதான் கதை. நடிகர்கள் 4 பேர், திரைக்குப் பின்னால் 18 பேர். இயக்குநரே எழுதி, அவரே எடிட்டும் செய்திருக்கிறார், முதல் படத்தில் இது சகஜம்.

முதல் வேலை: பட்டியல்

ஒரு அட்டவணையைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், திரையில் வரவேண்டிய எழுத்துக்கூட்டலில், செய்த வேலை, எத்தனை நாள் இருந்தார், அவரே சரிபார்த்தாரா. இந்த நான்கு பத்தி போதும். ஆங்கிலத்திலும் பெயர் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு பத்தி தனியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பெயரை வைத்து அவர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார் என்று ஊகிக்கவே முடியாது.

இதைப் படப்பிடிப்பு நாளிலேயே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் பேக்கப் ஆனதும் உதவி இயக்குநர் அன்று வந்தவர்கள் எல்லோரையும் ஏற்றிவிட வேண்டும், ஒரு மணி நேரம் வந்து விளக்கு பிடித்துவிட்டுப் போனவர் உட்பட. படம் முடிந்து மூன்று மாதம் கழித்து யோசித்தால் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். தூரத்தில் நின்றவர்கள், போஸ்ட் புரொடக்‌ஷனில் தனியாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள், வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தவர்கள், இவர்கள்தான் எப்போதும் விடுபடுவார்கள்.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் அவருடைய வரியை மட்டும் செய்தியாக அனுப்புங்கள், திரையில் எப்படி வருமோ அதே வடிவில். “சரியா?” என்று கேட்டு “சரி” என்ற பதில் எழுத்தில் வரும்வரை அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள். இன்ஷியலில்தான் தகராறு வரும். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் வைக்கமாட்டார், ஒருவர் தமிழ் எழுத்தில் இன்ஷியல் போடுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தின் உச்சரிப்பைத் தமிழில் எழுதுவார். அவரவர் பெயரை அவரவர் விருப்பப்படியே விடுங்கள். உங்கள் கையில் இருக்கிற ஒழுங்கு, வேலைகளின் பெயர்களில்தான்: ஒரு இடத்தில் ‘ஒளிப்பதிவு’ என்று போட்டால் அடுத்த வரியில் ‘எடிட்டிங்’ என்று போடாமல் ‘படத்தொகுப்பு’ என்று போடுங்கள். ஓரிடத்தில் ‘இயக்கம்’, இன்னோரிடத்தில் ‘ஒளிப்பதிவாளர்’ என்று வேலையையும் ஆளையும் மாற்றி மாற்றிப் போடுவதும் உறுத்தும்.

ஒலியை ஒரே வரியில் அடைக்காதீர்கள். லொகேஷனில் மைக் பிடித்து வசனத்தைப் பதிவு செய்தவர் வேறு, பின்னால் சத்தங்களைக் கட்டி எழுப்பிய ஒலி வடிவமைப்பாளர் வேறு, எல்லாவற்றையும் கடைசியில் சமன் செய்து கொடுத்த ஒலிக்கலவைக்காரர் வேறு. ஒரே ஆள் இரண்டைச் செய்திருந்தால் சேர்த்துப் போடலாம், ஆனால் ‘ஒலி’ என்று மொட்டையாகப் போட்டு மூன்று பேரை அதற்குக் கீழே நிறுத்தினால் யார் எதைச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது, அவர்கள் அடுத்த வேலை கேட்கப் போகும்போது இந்தப் படத்தைக் காட்டவும் முடியாது. அதேபோல ஒளிப்பதிவாளர் பெயருக்குப் பின்னால் வரும் சங்க எழுத்துகளை அந்தச் சங்கத்தின் உறுப்பினர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். அது பட்டம் மாதிரி அலங்காரம் கிடையாது.

முன்னால் எது, பின்னால் எது

பெயர் வரிசையில் ஒரு எளிய தர்க்கம் இருக்கிறது, அது புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை: படத்துக்கு மிக அருகில் இருக்கிற பெயர்தான் முக்கியமான பெயர். படம் தொடங்குவதற்கு முன் பெயர்கள் வந்தால் இயக்குநர் பெயர் கடைசியில் வரும், ஏனென்றால் அதற்கு அடுத்த நொடி படம். படம் முடிந்த பிறகு பெயர்கள் வந்தால் அதே வரிசை கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்ளும்: இயக்குநர் முதலில், எழுத்தாளர் அடுத்து, தயாரிப்பாளர் அதற்கடுத்து.

முழு நீளப் படத்தின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் ஏணி ஏறக்குறைய இப்படி இருக்கும்: வழங்கும் நிறுவனம், முதன்மை நடிகர்கள், படத்தின் பெயர், மற்ற நடிகர்கள், பிறகு இசை, உடை, படத்தொகுப்பு, கலை, ஒளிப்பதிவு என்று துறைத் தலைவர்கள், பிறகு தயாரிப்பாளர்கள், எழுத்து, கடைசியில் இயக்கம். நடுவில் இருக்கும் துறைத் தலைவர்களின் வரிசை ஊருக்கு ஊர், படத்துக்குப் படம் கொஞ்சம் முன்பின்னாகும். கடைசி மூன்று படிகள் அவ்வளவு சுலபத்தில் அசையாது.

குறும்படத்தில் இந்த ஏணி முழுவதையும் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கார்டு, ஒவ்வொன்றும் 3 நொடி, இடைவெளியோடு 35 நொடி. பதினோரு நிமிடப் படத்தில் இருபதில் ஒரு பங்கு, கதை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. விழாவுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் அன்றைக்கு வரிசையாக எத்தனையோ படங்களைப் பார்க்க வேண்டியவர். பெயர்களின் நேரமும் படத்தின் நேரம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்கர் விதிகளில் குறும்படம் என்றால் பெயர்கள் எல்லாம் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பல விழாக்கள் இதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருக்கின்றன, அங்கேயும் விதியில் ‘பெயர்கள் உட்பட’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: முன்னால் படத்தின் பெயர் மட்டும். நிறுவனப் பெயர் உண்மையிலேயே இருந்தால் அது ஒன்று. மற்ற எல்லாம் பின்னால். இயக்குநர் பெயர் ‘வழங்கும்’ என்று ஒருமுறை, ‘ஒரு இன்னார் படம்’ என்று ஒருமுறை, எழுத்து என்று ஒருமுறை, படத்தொகுப்பு என்று ஒருமுறை, இயக்கம் என்று ஒருமுறை வந்தால் ஐந்தாவது தடவை அரங்கில் யாராவது சிரிப்பார்கள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். ஒரே ஆள் பல வேலை செய்திருந்தால் அவற்றை ஒரே கார்டில் சேருங்கள், ‘எழுத்து – படத்தொகுப்பு – இயக்கம்’ என்று மேலே, கீழே ஒரு பெயர். முடிந்தது.

கடிகாரப் படத்தின் முடிவு வரிசை

இப்போது நம் 22 பேரையும் அடுக்கிப் பார்ப்போம். படம் கறுப்புக்குப் போகிறது. முதல் கார்டு இயக்குநருடையது, மேலே சொன்ன மாதிரி சேர்த்து. இரண்டாவது தயாரிப்பு. மூன்றாவது முதன்மை நடிகர்கள் இருவர், அப்பாவும் மகளும். நான்காவதில் ஒளிப்பதிவும் கலை இயக்கமும். ஐந்தாவதில் இசையும், ஒலி வடிவமைப்பும் கலவையும் செய்தவரும். இதுவரை வந்தவை பெரிய கார்டுகள், ஒரு கார்டில் ஒன்று அல்லது இரண்டு பெயர், எழுத்து பெரிதாக.

ஆறாவதில் நடிகர்கள் நால்வரும், கதாபாத்திரத்தோடு. முதன்மை நடிகர்கள் பெயர் மூன்றாவது கார்டில் வந்துவிட்டதே என்று இங்கே அவர்களை விட்டுவிடக் கூடாது, யார் எந்த வேடம் என்பதற்கான பட்டியல் இது, முழுமையாகத்தான் இருக்க வேண்டும். இங்கிருந்து வரிசைக்கு ஒரு அடிப்படையைத் தேர்ந்தெடுங்கள், திரையில் தோன்றிய வரிசை என்பதுதான் சண்டை வராத வழி. அப்படிச் செய்தால் ‘தோன்றும் வரிசையில்’ என்று சின்னதாக ஒரு வரி போட்டுவிடுங்கள், முதல் காட்சியில் எட்டிப்பார்க்கிற பையன் ஏன் மேலே இருக்கிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏழாவதில் உதவி இயக்குநர்கள் இருவர், தயாரிப்பு உதவியாளர்கள் இருவர். எட்டாவது செட்டில் நின்றவர்களுக்கு: ஒளிப்பதிவு உதவி ஒருவர், விளக்கு அமைப்பு இருவர், லொகேஷன் ஒலிப்பதிவு ஒருவர், ஒப்பனையும் உடையும் செய்த ஒருவர். ஒன்பதாவதில் படப்பிடிப்புக்குப் பின் வந்தவர்கள்: வண்ணச் சீரமைப்பு, டைட்டில் வடிவமைப்பு, சப்டைட்டில். அதாவது இயக்கம்–தயாரிப்பு, செட், போஸ்ட் என்று படம் உருவான வரிசையிலேயே பெயர்களும் போகின்றன. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பெரிய குழுவாக இருந்தாலும் குழப்பம் வராது. ஒரு துறைக்குள் தலைவர் முதலில், உதவியாளர் அடுத்து. துறைகளைக் கலக்காதீர்கள், ஒப்பனைக்காரருக்கும் லைட்மேனுக்கும் நடுவில் சப்டைட்டில் எழுதியவர் வந்து உட்கார்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பட்டியல் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது என்று.

பத்தாவது நன்றி. வீடு கொடுத்தவர், கடிகாரங்களை இரவல் தந்தவர், பணம் உதவியவர்கள், ஒன்பது பெயர் என்று வைத்துக்கொள்வோம். ‘நன்றி’, ‘சிறப்பு நன்றி’, ‘மனமார்ந்த நன்றி’ என்று மூன்று தலைப்பு வைத்தால் முதல் தலைப்பில் இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள், ஒன்றே போதும். பணம் கொடுத்தவர் ‘நிர்வாகத் தயாரிப்பாளர்’ என்று போடச் சொல்வதும் உண்டு. அது வாக்குக் கொடுக்கும்போது பேசி முடிக்க வேண்டிய விஷயம், டைட்டில் போடும்போது அல்ல.

பதினொன்றாவது உரிமைகள். வெளியிலிருந்து எடுத்த பாட்டு, இசைத்துண்டு, காட்சித்துண்டு எதுவாக இருந்தாலும் அதன் பெயர், உருவாக்கியவர், உரிமம் இங்கே வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எடுத்த சத்தம் என்றால் பெரும்பாலான வகைகளில் பெயர் குறிப்பிடுவது நிபந்தனை, ‘இணையத்திலிருந்து’ என்று போட்டால் நிபந்தனையை மீறியதாகத்தான் அர்த்தம். எல்லாவற்றுக்கும் கீழே © குறி, ஆண்டு, உரிமை வைத்திருப்பவர் பெயர். ஆண்டு என்பது படம் முதலில் வெளியாகும் ஆண்டு, படப்பிடிப்பு நடந்த ஆண்டு அல்ல. உரிமையாளர் இயக்குநரா, தயாரிப்பாளரா, இருவருமா என்பது இந்த ஒரு வரியில் எழுத்தாகப் பதிவாகிறது, ஆகவே இதைப் போடுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இரண்டு முதன்மை நடிகர்களில் யார் பெயர் முதலில் என்ற பிரச்சினை நட்பு வட்டத்துக்குள்ளேயே வரும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 1974இல் வந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வில் ஸ்டீவ் மெக்வீன், பால் நியூமன் இருவரும் சமமான நட்சத்திரங்கள். மெக்வீன் பெயரை இடப்பக்கம் கொஞ்சம் கீழேயும், நியூமன் பெயரை வலப்பக்கம் கொஞ்சம் மேலேயும் வைத்தார்கள். இடமிருந்து வலம் படித்தால் ஒருவர் முதல், மேலிருந்து கீழ் படித்தால் மற்றவர் முதல். நம் மூன்றாவது கார்டிலும் தேவைப்பட்டால் இதையே செய்யலாம், ஒரு வரி உயர வித்தியாசம் போதும்.

படத்தின் பெயர் எப்படி வரவேண்டும்

இப்போதுதான் வடிவமைப்பு. டைட்டில் சீக்வென்ஸ் என்றதும் துகள்கள் பறக்கிற டெம்ப்ளேட்டைத் தேடப் போகாதீர்கள். படத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளையோ ஒரு சத்தத்தையோ எடுத்து, அதன் விதிப்படி எழுத்து வரட்டும்.

நம் படத்தில் அது கடிகாரத்தின் டிக் சத்தம். நொடிக்கு ஒரு டிக், அதாவது சரியாக 24 ஃபிரேமுக்கு ஒன்று. முதல் காட்சி: அப்பா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுக்கிறார், அது நழுவி விழுகிறது. அவர் கையைப் பார்க்கிறார். 50 நொடி ஆகியிருக்கிறது. கறுப்பு. டிக், டிக், டிக். நான்காவது டிக் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை, அதற்குப் பதில் படத்தின் பெயர் வருகிறது. ஃபேட் கிடையாது, ஒரே ஃபிரேமில் பளிச்சென்று. மூன்று நொடி அமைதி. அடுத்த டிக் கேட்கும் அதே ஃபிரேமில் பெயர் மறைந்து கடை திரும்ப வருகிறது. மொத்தம் 7 நொடிக்குள் முடிந்துவிடும், பத்துப் பைசா செலவில்லை, கதையின் விஷயமே அதற்குள் இருக்கிறது: ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றுகிற வழி எளிது. படத்தில் திரும்பத் திரும்ப வருகிற பொருள், சத்தம், அசைவு, நிறம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘இது எப்படித் தொடங்கும், எப்படி நிற்கும்’ என்று கேளுங்கள். டைட்டில் வருவதும் போவதும் அந்தத் தொடக்கமும் நிறுத்தமும்தான். ஒன்றை மட்டும் எடுங்கள். டிக் சத்தமும் வேண்டும், பல்சக்கரம் சுழல்வதும் வேண்டும், எழுத்து நடுங்கவும் வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். எழுத்தை நடுங்கவைக்கும் ஆசை எனக்கும் வந்தது, ஆனால் நடுக்கத்தைக் கையில் பார்த்துவிட்ட பார்வையாளருக்கு அதை எழுத்திலும் காட்டுவது அவர் தோளைத் தட்டி “கவனித்தீர்களா?” என்று கேட்பது போல.

கறுப்பில் இல்லாமல் காட்சியின் மேல் பெயர் போடுவதாக இருந்தால், அந்த ஷாட்டைப் படப்பிடிப்பிலேயே அதற்காக எடுக்க வேண்டும். எழுத்து உட்காரும் பக்கம் வெறுமையாக, ஒரே வெளிச்சத்தில், அசைவில்லாமல், தேவைக்கு மேல் பத்து நொடியாவது நீளமாக. எடிட்டில் உட்கார்ந்து எந்த ஷாட்டில் இடம் இருக்கிறது என்று தேடினால் முகத்தின் மேல்தான் எழுத்து விழும், பிறகு படிக்கத் தெரியவில்லை என்று நிழல் போடுவீர்கள், நிழல் போட்டதும் கல்யாண வீடியோ ஆகிவிடும். பெயர் திரையில் இருக்கும்போது ஷாட் மாறக் கூடாது என்பதும் நல்ல பழக்கம். கட் விழுந்தால் கண் புதிய படத்துக்கு ஓடிவிடும், எழுத்து பாதி படித்த நிலையில் நிற்கும்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? சத்தமாக இரண்டு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், அந்த நேரம்தான். உங்களுக்குப் பெயர் மனப்பாடம் என்பதால் உங்கள் கண்ணை நம்பக் கூடாது, வாயை நம்பலாம். சின்னப் பெயர் என்றாலும் 2 நொடிக்குக் கீழே போகாதீர்கள்.

எழுத்து: தமிழில் கவனிக்க வேண்டியவை

முதலில், தமிழ் உடைகிறதா என்று பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறியோ, புள்ளி வைத்த வட்டமாகவோ தெரியும். காரணம், அந்த மென்பொருளின் எழுத்து எந்திரம் இந்திய எழுத்துகளை ஒன்றுசேர்க்கும் நிலையில் இல்லை. அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருந்தால் அதை மாற்றி, புதிய எழுத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் தமிழ் ஒழுங்காக வருகிற வேறொரு வரைகலை மென்பொருளில் கார்டைச் செய்து, பின்னணி ஒளிபுகும் பி.என்.ஜி. கோப்பாக எடுத்துவந்து வைத்துவிடலாம். இதைச் செய்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆங்கில டைட்டில்களில் எழுத்துகளுக்கு நடுவே அகல இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்து அதையே தமிழிலும் செய்யப் போனால், ‘கொ’வில் இருக்கிற கொம்பும் காலும் ‘க’வை விட்டுத் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். தமிழில் இடைவெளியைத் தொடாமல் விடுவது நல்லது. அதேபோல வரிக்கும் வரிக்கும் இடையே ஆங்கிலத்தைவிட அதிக உயரம் வேண்டும், மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொக்கியில் போய் இடிக்கும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

எழுத்துருவின் உரிமத்தைப் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று இருந்தால், விழாவுக்கு அனுப்புகிற படத்தில் அதை வைப்பது வம்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, எல்லாப் பெயர்களுக்கும் இவை தாராளமாகப் போதும். படத்தின் பெயருக்கு மட்டும் கையால் எழுதிய வடிவம் வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு, இரண்டு அளவு. மிக மெல்லிய எடையைத் தவிருங்கள், இணையத்துக்கு ஏற்றும்போது சுருக்கத்தில் அந்தக் கோடுகள் கரைந்துபோகும்.

முழு வெள்ளையும் வேண்டாம். இருட்டு அரங்கில் கறுப்பின் மேல் சுத்த வெள்ளை கண்ணைக் குத்தும், 85 முதல் 90 சதவீத வெண்மை இதமாக இருக்கும். ஓரங்களில் பத்திரமான எல்லைக்குள் நில்லுங்கள்: அகலத்திலும் உயரத்திலும் நடு 90 சதவீதம். நம் அளவில் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் காலி. பட்டியல் கார்டுகளில் வேலையின் பெயரை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் வலது ஓரமாக ஒட்டியும், ஆளின் பெயரை வலப்பக்கம் இடது ஓரமாக ஒட்டியும், நடுவில் 40 பிக்சல் சந்து விட்டும் வைத்தால் கண் தடுமாறாமல் தாண்டும்.

கார்டா, ஓடும் டைட்டிலா

நம் பதினொரு கார்டுகளின் நேரத்தைக் கூட்டுவோம். முதல் ஐந்து பெரிய கார்டுகள் தலா 3 நொடி, 15. ஆறு, ஏழு, ஒன்பது தலா 4 நொடி, 12. ஐந்து பெயர் இருக்கிற எட்டாவது 5 நொடி. நன்றி 5, உரிமைகள் 4. மொத்தம் 41 நொடி. எல்லாம் முழு நொடிகள் என்பதால் கார்டு மாறுவது ஒவ்வொரு தடவையும் ஒரு டிக்கில் விழுகிறது, முன்னால் தவறவிட்ட அந்தத் துடிப்பு பின்னால் ஒழுங்காக ஓடுகிறது.

இதையே கீழிருந்து மேலே ஓடவிட்டால்? ஏறக்குறைய 60 வரி, வரிக்கு 54 பிக்சல், 3240 பிக்சல் உயரமுள்ள ஒரு நீளப் படம். அது திரையின் அடியில் நுழைந்து முழுவதும் மேலே வெளியேற 3240உடன் திரையின் உயரம் 1080ஐக் கூட்டி 4320 பிக்சல் நகர வேண்டும். ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்றால் 1440 ஃபிரேம், சரியாக 60 நொடி. 4 பிக்சல் என்றால் 1080 ஃபிரேம், 45 நொடி.

வேகம் ஏன் 3, 4 என்று முழு எண்ணாக இருக்க வேண்டும்? “50 நொடியில் முடியட்டும்” என்று நீளத்தை முதலில் முடிவு செய்தால் ஃபிரேமுக்கு 3.6 பிக்சல் வரும். எழுத்து ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல்களுக்கு நடுவே வெவ்வேறு இடத்தில் விழும், கிடைக்கோடுகள் ஒரு ஃபிரேமில் கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் மாறி மாறித் துடிக்கும். ஓடும் டைட்டில் நடுங்குகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வேகத்தை முதலில் வையுங்கள், நீளம் தானாக வரட்டும், இசையை அதற்கேற்ப வெட்டுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் கூடிக் குறைகிற ‘ஈஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள், படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் என்றால் லேயரின் மையப்புள்ளி நடுவில் இருக்கும்போது பொசிஷனில் எக்ஸ்பிரஷனாக இந்த ஒரு வரி போதும்:

```
[value[0], 2700 - 3 * Math.round((time - inPoint) / thisComp.frameDuration)]
```

2700 என்பது திரையின் உயரம் 1080உடன் நீளப் படத்தின் பாதி 1620ஐக் கூட்டியது, உங்கள் உயரத்துக்கு ஏற்ப அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முழு எண் வேகம் வைத்தாலும் நொடிக்கு 24 ஃபிரேமில் லேசான துள்ளல் கண்ணுக்குத் தெரியும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும், 5 பிக்சலைத் தாண்டாமல் இருப்பது நல்லது. என்னைக் கேட்டால் முப்பது பெயருக்குக் கீழே இருக்கிற படத்துக்கு கார்டுதான். நடுக்கம் கிடையாது, ஒரு பெயரைத் திருத்தினால் ஒரு கார்டை மட்டும் மாற்றினால் போதும், ஓடும் டைட்டிலில் ஒரு வரி கூடினாலே நீளம் மாறி இசை தள்ளிப்போகும்.

அனுப்புவதற்கு முன்

கார்டுகளைத் தனித்தனிப் படங்களாக எடுத்துக் குழுவில் போடுங்கள், படத்தோடு சேர்த்து அல்ல. படம் ஓடினால் எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். பிறகு அட்டவணையைப் பார்த்து இரண்டு பேர் உட்காருங்கள், ஒருவர் அட்டவணையில் இருக்கிற பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க, மற்றவர் திரையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு எடிட்டரைப் பயன்படுத்தாதீர்கள், அந்தப் பெயர்களை நூறு தடவை பார்த்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. என் படத்தில் அட்டவணை வைத்து இப்படிச் செய்திருந்தால் திரையில் ஒரு பெயர் குறைகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம் சப்டைட்டிலோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவில் வசனமோ பாட்டோ பெயர்களின் மேல் தொடர்ந்தால் சப்டைட்டில் வரி கார்டின் கடைசிப் பெயரின் மேல் போய் விழும். நம் எட்டாவது கார்டில் ஐந்து பெயர், கீழே இடமே இல்லை, அந்த மாதிரி இடத்தில் கார்டின் எழுத்தை மேலே ஏற்றுவதைவிட சப்டைட்டிலை அந்த நேரத்துக்கு மட்டும் திரையின் மேல்பக்கம் வைப்பது சுலபம். கைபேசியில் கையை நீட்டிப் பிடித்து ஒருமுறை, கிடைக்கிற பெரிய திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைபேசியில் படிக்க முடியாத நன்றிப் பட்டியலை இரண்டு கார்டாகப் பிரியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, எல்லோரும் தள்ளிப்போடுவது: படத்தின் பெயர் காட்சியின் மேல் வருகிறது என்றால் அதே ஷாட்டை எழுத்தே இல்லாமல் ஒரு தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். பிற்பாடு வேறு மொழியில் பெயர் போட வேண்டும் என்று யாராவது கேட்கும்போது பழைய பிராஜெக்ட் திறக்காது, எழுத்துரு காணாமல் போயிருக்கும், லிங்க் அறுந்திருக்கும். அந்த எழுத்தில்லாத கோப்பையும், கார்டுகளின் படங்களையும், பெயர் அட்டவணையையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, தயாரிப்பாளரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.